பிரஷர் சுவிட்சின் முதல் டிரிப்பை வீணாக்காதீர்கள்

கம்ப்ரஸரின் லூப்ரிகேஷன் ஆயில் லைனில் ஒரு லோ பிரஷர் சுவிட்ச். அழுத்தம் 1.50 பாருக்கு இறங்கினால் ஸ்டாண்ட்பை பம்ப் ஓட வேண்டும். வழக்கமாக லைனில் 2.5 பார் இருக்கும்.

பலரும் இந்த சுவிட்சைக் கழற்றி, மேசையில் வைத்து, ஹேண்ட் பம்பால் சில தடவை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் ரீடிங் எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த சுவிட்ச், அவசரத்தில் எந்த அழுத்தத்தில் விழுந்திருக்கும் என்பதைக் காட்டுவது முதல் டிரிப் மட்டும்தான். கழற்றும்போதே அழுத்தம் போய், சுவிட்ச் ஒருமுறை விழுந்துவிடும்.

அதனால் இடத்திலேயே சோதித்தேன். ஆபரேட்டரிடம் சொல்லி ஸ்டாண்ட்பை பம்பை ஆட்டோவிலிருந்து எடுத்தாயிற்று. சப்ளை இல்லை என்று பார்த்து, ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப்பில் போட்டேன். அழுத்தம் சரியாக இருக்கும்வரை காண்டாக்ட் மூடியிருக்கும்; பீப் நின்றால் டிரிப். டெஸ்ட் போர்ட்டில் பம்பையும் ரெஃபரன்ஸ் கேஜையும் மாட்டினேன். காற்று பம்ப் என்பதால் ஆயில் உள்ளே போகாதபடி நடுவில் ஒரு டிராப். பம்பில் 2.5 பார் ஏற்றி, டெஸ்ட் வால்வை மெதுவாகத் திறந்து, அப்புறம்தான் லைன் வால்வை மூடினேன். சுவிட்சுக்கு எதுவும் தெரியாது.

வேகமாக ஏற்றினால் காற்று சூடாகும். ஆறும்போது முள் தானாகக் கொஞ்சம் இறங்கும். லீக் என்று பதறாமல் அது நிற்கும்வரை பொறுத்தேன். பிறகு பிளீட் வால்வை லேசாகத் திறந்து, 1.6-க்குப் பக்கத்தில் வந்ததும் மூடிவிட்டு, பம்பில் அழுத்தத்தை நுணுக்கமாக மாற்றும் வெர்னியரைத் திருகியே இறக்கினேன். பிளீடிலேயே இறக்கினால் பீப் நின்று நாம் கேஜைப் பார்ப்பதற்குள் முள் கீழே போயிருக்கும்.

1.50 தாண்டியது. 1.40-லும் பீப் நிற்கவில்லை. 1.22-ல்தான் நின்றது! மெதுவாக ஏற்றினேன், 1.66-ல் பீப் திரும்பியது, அதுதான் ரீசெட். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, அதாவது டெட்பேண்ட், 0.44. ஆனால் அடுத்தடுத்த சுற்றுகளில் டிரிப் 1.36, 1.37, 1.36, ரீசெட் அதே 1.66. அதாவது உண்மையான டெட்பேண்ட் 0.30 தான். முதல் சுற்றில் கூடிய 0.14, ஒட்டிக்கொண்டதால் வந்தது.

ரேஞ்ச் திருகைத் திருகி டிரிப்பை 1.50-க்குக் கொண்டுவந்தேன். ரீசெட்டும் கூடவே 1.80-க்கு ஏறியது, இந்த வகையில் டெட்பேண்டைத் தனியாக மாற்ற முடியாது. லைன் 2.5-ல் ஓடுவதால் சிக்கல் இல்லை. 1.7-ல் ஓடும் லைனாக இருந்தால், ஒருமுறை வந்த அலாரம் போகவே போகாது.

ரீடிங் சரியாக வந்தாலும் சுவிட்சை விட்டுவைக்கவில்லை. செட்பாயிண்ட் நகர்ந்திருந்தால் திருகிச் சரிசெய்யலாம். ஒட்டுவதற்குத் திருகில் வழியில்லை. புதியதை மாட்டி, அதே முறையில் சோதித்து, ரிப்போர்ட்டில் பழையதன் 1.22-ஐத் தனி வரியாக எழுதிக் கொடுத்தேன்.