டிவோர்ஸ் ஆனதை யாருக்கு, எப்போது சொன்னேன்

திருகோணமலையில் ஒரு விடயத்தை மறைத்து வைக்க நினைப்பதே வீண் வேலை. உவர்மலையில் காலையில் கதைத்தது பின்னேரத்துக்குள் உப்புவெளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் இரண்டாவது தடவை ஒருவரோடு பழகத் தொடங்கியபோது சொல்வதா விடுவதா என்று நான் யோசிக்கவில்லை. எதை முதலில் சொல்வது, எதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்வது என்பதில்தான் தலை சுற்றியது.

என் விடயத்தில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. இலங்கையின் பொதுச் சட்டப்படி விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும். முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம், அது வேறு கதை. வழக்கு முடிந்ததும் முதலில் கிடைப்பது டிகிரி நைசை என்கிற இடைக்காலத் தீர்ப்பு. அதற்குப் பிறகு குறைந்தது 3 மாதம் கழிந்தால்தான் அதை டிகிரி அப்சலூட், அதாவது முழுத் தீர்ப்பு, ஆக்குவார்கள். இடையில் இருக்கும் காலத்தில் சட்டத்தின் பார்வையில் நான் இன்னும் ஒருவருடைய மனைவிதான். வழக்கில் ஏதாவது மறைக்கப்பட்டது என்று யாராவது நீதிமன்றத்துக்கு வந்து காரணம் காட்டவும் அந்தக் காலத்தில் இடமுண்டு. "தங்கச்சி, அப்சலூட் கைக்கு வரும்வரை ஒருத்தரோடையும் படம் எடுத்துப் போடாதேங்கோ" என்று என் சட்டத்தரணி சொன்னது அதனால்தான்.

ஆனால் ஆட்கள் அறிமுகமாவதற்கு நீதிமன்றத்தின் நாட்காட்டி தெரியாதே. நைசை கிடைத்து, அப்சலூட் வருவதற்கு முன்னமே பேச்சுகள் வரத் தொடங்கிவிட்டன.

முதலில் பழகியவருக்கு என் முதல் செய்தியிலேயே எழுதினேன்: "வழக்கு முடிந்துவிட்டது, முழுத் தீர்ப்பு இன்னும் வரவில்லை, எட்டு வயதில் மகன் இருக்கிறான்." அவர் உடனே பரவாயில்லை என்றார். ஆள் கெட்டவர் இல்லை. கொஞ்ச நாள் நன்றாகத்தான் கதைத்தோம். பிறகு ஒருநாள், "அம்மா போனில கதைச்சா கலியாணம் கட்டாத ஆள் எண்டே சொல்லுங்கோ, பிறகு நான் மெல்லமாச் சொல்லுறன்" என்றார். எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது. அவருக்கு என் நிலைமையில் ஆட்சேபணை இல்லை, தன் வீட்டில் அதைச் சொல்லத்தான் துணிவில்லை. அந்தப் பொய் எவ்வளவு தூரம் போகும்? விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கும்போதே முன்பு மணமானவரா, விவாகரத்தானவரா, துணையை இழந்தவரா என்று படிவத்தில் எழுத வேண்டும். பொய்யை அங்கே கொண்டுபோக முடியாது. "நீங்கள் வீட்டில் சொன்ன பிறகு கதைப்போம்" என்று எழுதினேன். பதில் வரவில்லை.

அடுத்தவரை என் மச்சாள் அறிமுகப்படுத்தினாள். மனைவியைப் புற்றுநோயில் இழந்தவர். பாடசாலை ஆசிரியர், ஆறு வயதில் ஒரு மகள். நாங்கள் சந்தித்தது பெரும்பாலும் கோணேஸ்வரத்துக்குப் போகிற பாதையில். கோட்டை வாசலில் இருந்து கோவில் வரை நடந்தால் மான்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டே அரை மணி கதைக்கலாம். யார் கண்டாலும் கோவிலுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். வெள்ளிக்கிழமையை மட்டும் தவிர்த்தோம், அன்று பாதி ஊர் அங்கே நிற்கும்.

அவருக்கும் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சந்திப்பதற்கு முன்னமே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "முழுத் தீர்ப்பு எப்ப வரும்?" திகதியைச் சொன்னேன். அதுவரைக்கும் வீட்டுக்காரரிடம் பேச்செடுப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம்.

நான் கொஞ்சம் தள்ளிவைத்தது வழக்குத் தாளை. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. என் வழக்கு நடந்த சட்டத்தில் இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று ஒரு காரணம் கிடையாது. பிறர்மனை சேர்தல், வன்மத்தோடு கைவிட்டுப் போதல், மணம் முடிக்கும்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என்று மூன்றே காரணங்கள். யாரோ ஒருவர் குற்றவாளியாக நின்றே ஆக வேண்டும். வழக்குப் போட்டவர் என் முன்னாள் கணவர், வீட்டைவிட்டு வந்தது நான். அதனால் தாளில் நான் அவரை வன்மத்தோடு கைவிட்டவள். மகன் என்னோடு இருப்பதற்கு அவர் ஒத்துக்கொண்டதால் நான் வழக்கை எதிர்த்து வாதாடவில்லை.

இந்தத் தாளை ஒரு விளக்கமும் இல்லாமல் வாசிக்கிறவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அதே நேரம், முதல் சந்திப்பிலேயே இதை எடுத்துவைத்தால் முழு நேரமும் பழைய வழக்கைத்தான் கதைக்க வேண்டிவரும், நானும் முன்னாள் கணவரைத் திட்டிக்கொண்டே நிற்பேன். அதனால் ஆளை ஓரளவு விளங்கிய பிறகு, இரண்டு வீட்டிலும் சொல்வதற்கு முன்பு, பிரதியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவர் அங்கேயே மதிலில் இருந்து முழுவதும் வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்து, "ஏன் போனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். பல பேர் கேட்கிற மாதிரி "ஏன் பொறுத்துப் போகேல்லை" என்று அவர் கேட்கவில்லை. அந்த வித்தியாசத்தை நான் கவனித்தேன்.

அவர் பக்கத்தில் சொல்ல வேண்டியது வேறு மாதிரி. துணையை இழந்தவர் என்று சொல்வது ஊரில் சுலபம், டிவோர்ஸ் என்றால் வருகிற புருவத் தூக்கல் அதற்கு வராது. ஆனால் அவருடைய கதையில் மனைவி இன்னும் நிகழ்காலத்தில் இருந்தார். "அவ மீன்குழம்புக்கு மாங்காய் போடுவா" என்பார், "போட்டவ" என்று வராது. அதில் எனக்குக் குறையில்லை. அவர் ஆட்டைத் திவசம் முடிந்த பிறகுதான் மச்சாளிடம் சரி சொல்லியிருந்தார். நான் பார்த்தது, என்னைப் பற்றிக் கேள்வி கேட்கிறாரா, அல்லது என்னை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே கதைக்கிறாரா என்பதை. கேள்வியும் கேட்டார், என் மகனுக்கு என்ன பாடம் பிடிக்காது என்பது வரைக்கும்.

கஷ்டமான இடம் அவருடைய மாமியார். இறந்துபோன மகளின் தாய், பேத்தியைப் பகலில் பார்ப்பவர். ஊர் வழியாக அவருக்கு விடயம் போனால் எல்லாம் கெட்டுவிடும் என்று எனக்குப் பட்டது. அதனால் அப்சலூட் கையில் வந்ததும், என் அம்மாவுக்குச் சொல்வதற்கும் முன்பு, அவர் தனியே போய் மாமியிடம் சொன்னார். நான் கூடப் போகவில்லை. அந்தத் தாய் அழுதாராம். பிறகு இரண்டு விடயம் கேட்டிருக்கிறார்: மகளுடைய நகைகள் பேத்தியின் பெயரில் இருக்க வேண்டும், திவசம் அந்த வீட்டிலேயே நடக்க வேண்டும். இரண்டுக்கும் நானும் ஓம் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த கிழமை அவராகவே என்னை வரச் சொன்னார்.

பிள்ளைகளுக்கு எல்லாருக்கும் கடைசியாகச் சொன்னோம். இரண்டு வீட்டிலும் நிச்சயமான பிறகுதான் இருவரையும் ஒன்றாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். இடையில் முறிந்தால் பெரியவர்கள் தாங்கிக்கொள்வோம், ஏற்கனவே ஒருவரை இழந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு அது முடியாது.

பதிவுக்கு அவர் மனைவியின் மரணச் சான்றிதழைக் கொண்டுவந்தார், நான் அப்சலூட்டின் சான்றுப்படுத்திய பிரதியைக் கொண்டுபோனேன். அந்தப் பிரதியை நீதிமன்றப் பதிவகத்தில் எடுக்கும்போதே மேலதிகமாக இரண்டு எடுத்து வைத்திருந்தேன். பிறகு மகனின் கடவுச்சீட்டுக்குப் போனபோது அங்கேயும் கேட்டார்கள்.