முகத்துக்கு முதல் ஆசிட்: மேன்டலிக்கும் குளுக்கோனோலாக்டோனும்

எனக்குப் பரு போனாலும் அது இருந்த இடத்தில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் வழியும், கன்னம் மட்டும் வறண்டு கிடக்கும். ஆசிட் சீரம் போட்டுப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் அத்தனை பேரும் கிளைகாலிக்கைத்தான் சொன்னார்கள், அங்கேதான் எனக்குத் தயக்கம். நம் மாநிறத் தோலில் கறை விழ ஒரு பரு வேண்டுமென்பதில்லை, எரிச்சலே போதும். கறையைப் போக்கப் போய்ப் புதுக் கறை வாங்கி வர எனக்கு விருப்பமில்லை. அதனால் அதைவிட மென்மையான மேன்டலிக், குளுக்கோனோலாக்டோன் என்ற இரண்டு ஆசிட்களைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்த ஆசிட்கள் தோலைச் சுரண்டுவதில்லை. மேல்தோலின் இறந்த செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் ஒட்டுதலைத் தளர்த்துகின்றன, செல்கள் தானாக உதிர்கின்றன. எவ்வளவு வேகமாக உள்ளே இறங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். கிளைகாலிக்கின் மூலக்கூறு எடை 76. மேன்டலிக் 152, குளுக்கோனோலாக்டோன் 178. பெரிய மூலக்கூறு மெதுவாக இறங்கும், அதனால் எரிச்சலும் பொதுவாகக் குறைவு. மேன்டலிக்குக்கு எண்ணெயோடு ஒட்டும் குணம் உண்டு என்பதால் பரு வரும் தோலுக்குப் பொருந்தும். குளுக்கோனோலாக்டோன் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வறண்ட தோலுக்கும் சட்டென்று சிவக்கும் தோலுக்கும் அது நல்லது. டோஃபு உறைய வைக்கப் பயன்படுவதும் இதே பொருள்தான்.

வாங்கும்போது பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். மீதி பிஹெச்சில் இருக்கிறது. 10 சதவீத மேன்டலிக் பிஹெச் 3.5-இல் இருந்தால் அதில் கிட்டத்தட்ட பாதி செயல்படும் நிலையில் இருக்கும். அதே 10 சதவீதம் பிஹெச் 4.5-இல் இருந்தால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் பிஹெச் குறிப்பிட்டிருந்த 5 சதவீத மேன்டலிக் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் முதலில் முகத்தில் போட்டது குளுக்கோனோலாக்டோன். காதுக்குப் பின்னால் சில இரவுகள் தடவிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றானதும் வாரம் இரண்டு இரவு கன்னத்தில். முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு சில துளி, மேலே வழக்கமான மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான். ஈரத்தோடு போட்டால் வேகமாக இறங்கிக் கடிக்கும். கன்னம் பழகிய பிறகுதான் மேன்டலிக் வந்தது. அது மூக்கிலும் நெற்றியிலும், வேறு இரவுகளில். மூக்கின் ஓரக் குழியிலும் வாய் ஓரத்திலும் சீரம் தேங்கும், பெரும்பாலும் அங்கேதான் முதலில் எரியும். அந்த இடங்களில் முன்கூட்டியே கொஞ்சம் வாஸ்லின் பூசிக்கொள்வேன்.

போட்டதும் ஒரு நிமிடம் லேசாகச் சுருக்கென்று இருந்தால் கவலை இல்லை. தோல் தாங்கவில்லை என்பதை வேறு இடத்தில் பார்க்க வேண்டும்: மறுநாள் காலை எப்போதும் போடும் மாய்ஸ்சரைசர் எரிகிறதா? முகம் இழுத்துக் கட்டினாற்போல், எண்ணெய் இல்லாமலே பளபளக்கிறதா? அப்படியென்றால் ஆசிடை நிறுத்திவிட்டு, எரிச்சல் முழுக்க அடங்கும் வரை மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போட வேண்டும்.

நடுவில் நெற்றியில் சின்னச் சின்னப் பொரியாகக் கிளம்பியது. எனக்கு வழக்கமாகப் பரு வரும் இடம் அதுதான், அரிப்போ எரிச்சலோ இல்லை, ஒவ்வொன்றும் சீக்கிரம் வற்றியது. அடைபட்டிருந்தது வெளியே வருகிறது என்று பொறுத்துக்கொண்டேன். இது நாலு முதல் ஆறு வாரத்தில் அடங்க வேண்டும். அதற்கு மேல் நீண்டாலோ, பருவே வராத இடத்தில் வந்தாலோ அந்தப் பொருள் உங்களுக்குச் சேரவில்லை.

ஆசிட் போடும் இரவில் ரெட்டினால் கிடையாது. பயத்தம்மாவு தேய்ப்பதும் நின்றது. அம்மாவுக்கு அதில்தான் வருத்தம். புருவம் த்ரெட்டிங்குக்கு முன்னும் பின்னும் சில நாள் நெற்றிக்கு விடுமுறை. பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். குளுக்கோனோலாக்டோனால் வெயில் பாதிப்பு கூடும் பயம் குறைவுதான், ஆனால் கறை இருப்பவருக்கு வெயிலே எதிரி.

முதலில் தெரிந்தது வழவழப்பு. மூக்கின் சொரசொரப்பு போனது. கன்னத்துக் கறை வெளுக்க மூன்று மாதத்துக்கு மேலாயிற்று, அதிலும் பழைய கறை ஒன்றிரண்டு அப்படியே இருக்கிறது. பள்ளம் விழுந்த தழும்புக்கு இவை இரண்டுமே போதாது, அதற்குத் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.