மழையில் போன நான்காவது சுற்று

எங்கள் டென்னிஸ் கிளப் பெங்களூரில் அல்சூர் பக்கம். மூன்று செம்மண் கோர்ட், ஆறு அணிகள், ஐந்து சுற்று லீக். இந்த வருஷம் செயலாளர் பொறுப்பு என் தலையில். அக்டோபர் 5 ஞாயிறு நடக்க வேண்டிய நான்காவது சுற்றை சனி இரவு மழை அடித்துக்கொண்டு போனது.

காலை ஆறரைக்குப் போனால் முதல் கோர்ட்டில் பேஸ்லைன் பக்கம் குளம். துடைப்பத்தை எடுத்தேன். கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். "தள்ளினா தண்ணியோட மேல் மண்ணும் போயிடும் சார். அப்புறம் பள்ளம் நிரந்தரம்." சாக்கை விரித்து ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி விரித்தார். ரோலரை அவசரப்பட்டு இழுக்கக் கூடாதாம். ஈரத்தில் மண் ரோலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர் வழி எளிது. குதிகாலை ஊன்றித் திரும்புவார். தடம் குழியாக விழுந்து ஓரம் பளபளத்தால் ஆட்டம் இல்லை. லேசான கீறல் மட்டும் விழுந்தால் ஆடலாம்.

மேடான மூன்றாவது கோர்ட்டில் மட்டும் ஒரு ஒற்றையர் ஆட்டம் தொடங்கினோம். 6-4, 2-1, 30-15 வரை போனபோது மறுபடி கொட்டியது. அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரு வாரம் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் ஐந்தாவது சுற்று 19ஆம் தேதிக்குப் போகும், மறுநாள் தீபாவளி. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வெள்ளிக்கிழமை ராத்திரியே சேலம், மதுரை பஸ்ஸில் இருப்பார்கள். சரி, ஐந்தாவது சுற்றை 12ஆம் தேதியே முடித்துவிட்டு நான்காவதை அப்புறம் ஆடலாமே என்றார் ஒரு கேப்டன். அதில் ஒரு சிக்கல். கடைசிச் சுற்றை எல்லா அணியும் ஒரே காலையில் ஆடுவது, யாருக்கு எத்தனை புள்ளி போதும் என்று தெரிந்துகொண்டு எவரும் ஆடக் கூடாது என்பதற்காக. பாக்கியைக் கடைசியில் வைத்தால் அந்த நியாயம் போச்சு. ஆக, 12க்குள் நான்காவது சுற்றை முடித்தாக வேண்டும்.

கணக்குப் போட்டேன். மூன்று மோதல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். மொத்தம் ஒன்பது ஆட்டம், அதில் ஒன்று பாதியில். விளக்கு இருப்பது இரண்டு கோர்ட்டில்தான். மாலை ஆறரை, எட்டு என்று இரண்டு வேளை வைத்தால் ஒரு நாளைக்கு நான்கு ஆட்டம். செவ்வாயும் புதனும் சேர்ந்தால் எட்டு. ஒற்றையர் ஆடியவரே இரட்டையரிலும் ஆடுவார் என்பதால், இரட்டையரை எல்லாம் எட்டு மணிக்குப் போட்டேன். பாதியில் நின்றதைச் சனி காலை ஆறரைக்கு வைத்தேன்.

முதலில் நான் ஒட்டிய அறிவிப்பு ஒரு வரி: "மழையால் ஆட்டங்கள் அடுத்த வாரம் நடைபெறும்." அன்று மாலைக்குள் பதினோரு போன். ஞாயிற்றுக்கிழமை எழுதிய "அடுத்த வாரம்" சிலருக்கு நாளையே தொடங்கியது, சிலருக்கு எட்டு நாள் கழித்து. கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்:

"அக்டோபர் 5 ஞாயிறு நடக்கவிருந்த நான்காவது சுற்று மட்டும் மாற்றப்படுகிறது. ஐந்தாவது சுற்றில் மாற்றம் இல்லை. அக்டோபர் 12 ஞாயிறு காலை 6.30.

அக்டோபர் 7 செவ்வாய்: மாலை 6.30 மஞ்சள்–நீலம், ஒற்றையர் இரண்டும். இரவு 8.00 அதே அணிகளின் இரட்டையர். பச்சை–வெள்ளை இரண்டாம் ஒற்றையர்.
அக்டோபர் 8 புதன்: மாலை 6.30 சிவப்பு–கறுப்பு, ஒற்றையர் இரண்டும். இரவு 8.00 அதே அணிகளின் இரட்டையர்; பச்சை–வெள்ளை இரட்டையர்.
அக்டோபர் 11 சனி காலை 6.30, கோர்ட் 3: பச்சை–வெள்ளை முதல் ஒற்றையர். 6-4, 2-1, 30-15 என்ற நிலையிலிருந்து தொடரும். சர்வ் பச்சை, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து.

செவ்வாய், புதனில் மழை வந்தால் அன்று மாலை 4.30க்கு இதே பலகையில் முடிவு. மாற்று நாள் அக்டோபர் 10 வெள்ளி."

பச்சை அணிக்காரர் முதல் செட்டைத் தோற்றவர். புதிதாக ஆரம்பிக்கலாமே என்று கேட்டார். விதிப்படி ஆட்டம் தடைப்பட்டால் ஸ்கோரும் அவரவர் நின்ற பக்கமும் அப்படியே நிற்கும் என்றேன். முகம் சுருங்கியது. மழை வந்த நிமிஷத்தில் ஸ்கோர் சீட்டின் பின்னால் சர்வையும் பக்கத்தையும் குறித்து இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. சனிக்கிழமை வந்ததும் இரண்டு பேரும் ஒரே பக்கத்துக்கு நடந்தார்கள். எதிர்ப்பக்கம் நின்றால் காலை வெயில் கண்ணில் அடிக்கும். சீட்டை நீட்டினேன். வெள்ளை அணிக்காரர் ஒன்றும் பேசாமல் தொப்பியை இறக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்.