உருண்டை பாட்டிலுக்கு முழுச்சுற்று லேபிள்: நீளம், உயரம், ஓவர்லாப் அளந்த விதம்

சுற்றளவு என்பது விட்டம் பெருக்கல் 3.1416. அதோடு ஒரு முனை இன்னொரு முனைமேல் ஏறும் ஓவர்லாப்புக்குக் கொஞ்சம் கூட்டினால் லேபிள் நீளம் வந்துவிடும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பி லேபிளை வெட்டும் டை செய்யக் கொடுத்தால், பாதிப் பாட்டிலில் சரியாக இருக்கும் லேபிள் மீதிப் பாட்டிலில் முனை தூக்கிக்கொண்டு நிற்கும். காரணம், ஒரே அச்சில் வந்த பாட்டில்கள்கூட ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால் விட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றளவையே நேராக அளப்பது நல்லது. சுமார் 64 மி.மீ. விட்டமுள்ள ஒரு பாட்டிலுக்கு அளவெடுத்து முடித்த வேலையை முழுதாக எழுதுகிறேன்.

வெர்னியரில் விட்டம் அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டில் துல்லியமான வட்டமாக இருக்காது. ஒரு திசையில் 64.0 காட்டும், கால் சுற்றுத் திருப்பினால் 64.6 காட்டும். எதை எடுப்பது? அதற்குப் பதிலாக 15 மி.மீ. அகலத்தில் ஒரு காகிதப் பட்டை வெட்டிப் பாட்டிலைச் சுற்றி இறுக்கி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இரண்டு அடுக்கையும் சேர்த்து ஒரு ஊசியால் குத்த வேண்டும். பட்டையைப் பிரித்து மேசையில் விரித்து, இரண்டு ஊசித்துளைகளுக்கும் இடையே எஃகு ஸ்கேலால் அளந்தால் அதுதான் சுற்றளவு. வட்டம் கோணியிருந்தாலும் பட்டை அதற்கேற்ப வளைந்து உண்மையான நீளத்தைக் கொடுத்துவிடும். பட்டைக்கு லேபிள் போலவே கனமுள்ள தாளை எடுத்தால், தாளின் கனத்துக்காகத் தனியே எதுவும் கூட்ட வேண்டியதில்லை. தையல்காரரின் டேப் வேண்டாம். அதன் கனத்தால் மட்டுமே ஒரு மி.மீ.க்கு மேல் கூடுதலாகக் காட்டும். பழைய டேப் என்றால் இழுபட்டும் இருக்கும்.

பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால், நிரப்பி மூடி போட்ட பிறகுதான் அளக்க வேண்டும். காலிப் பாட்டிலில் பட்டையை இறுக்கும்போது சுவர் உள்ளே போகும். நிரப்பியபின், அதிலும் காற்றடைத்த பானம் என்றால், சுவர் வெளியே தள்ளும். கண்ணாடியில் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு பாட்டிலோடு நிறுத்தவில்லை. வெவ்வேறு பெட்டிகளிலிருந்து பத்துப் பாட்டில்கள் எடுத்தோம். மிகச் சிறியது 201.0 மி.மீ., மிகப் பெரியது 203.2, பெரும்பாலானவை 202-ஐ ஒட்டியே இருந்தன. விட்டத்தில் வித்தியாசம் 0.7 மி.மீ.தான். ஆனால் அது சுற்றளவில் 2.2 மி.மீ. ஆகிறது. ஓவர்லாப்பை விழுங்குவது இந்த 2.2 தான்.

லேபிள் நீளத்தை முடிவு செய்யும்போது சராசரியிலிருந்து தொடங்கக் கூடாது, மிகப் பெரிய பாட்டிலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பாட்டிலிலும் குறைந்தது 4 மி.மீ. ஓவர்லாப் மிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இந்த விட்டமுள்ள பாட்டிலில் அதற்குக் குறைந்தால், மேல் முனையைப் பிடித்துக்கொள்ளப் போதிய பசைப்பரப்பு இருக்காது. வெட்டும் பிழைக்கும் ஒட்டும்போது வரும் கோணலுக்கும் சேர்த்து இன்னும் 1 மி.மீ.

```
நீளம் = 203.2 + 4 + 1 = 208.2  →  208 மி.மீ.
பெரிய பாட்டிலில் ஓவர்லாப்   = 208 − 203.2 = 4.8
பெரும்பாலானவற்றில்         = 208 − 202.0 = 6.0
சிறிய பாட்டிலில் ஓவர்லாப்   = 208 − 201.0 = 7.0
```

ஆக ஓவர்லாப் என்பது ஒரே எண் அல்ல, 4.8-லிருந்து 7 வரை ஆடும் ஒரு வரம்பு. வடிவமைப்பவரிடம் இதை இப்படியேதான் சொல்ல வேண்டும். முதலில் ஒட்டும் முனையில் 8 மி.மீ. அகலத்துக்கு எழுத்து, பார்கோடு, கோடு எதுவும் வராமல் பின்னணி நிறத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். மேலே ஏறும் முனை உட்கார்வது அந்த இடத்தில்தான். வார்னிஷ் அடித்த லேபிள் என்றால் அந்த 8 மி.மீ.யில் வார்னிஷ் இல்லாமல் விடச் சொல்வதும் முக்கியம். வழுக்கும் வார்னிஷ் மேல் பசை நன்றாகப் பிடிக்காது. ஒட்டிய அன்று எல்லாம் சரியாகத் தெரியும். சில நாள் கழித்துப் பார்த்தால் முனை மெல்லத் தூக்கியிருக்கும், அப்போது பசையைக் குறை சொல்வார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், பலரும் தவறவிடுவது. லேபிளின் இடது முனை முதலில் ஒட்டப்பட்டு, வலது முனை அதன்மேல் ஏறுகிறது என்று வையுங்கள். இடதுபக்கம் 6 மி.மீ. மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் பரப்பு 6-லிருந்து 208 வரைதான். அதன் நடு 107, தாளின் நடுவான 104 அல்ல. பெயரைத் தாளின் நடுவில் வைத்தால், பின்பக்க இணைப்புக்கு நேர் எதிரே வர வேண்டிய பெயர் 3 மி.மீ. தள்ளி நிற்கும். பாட்டிலைத் தனியாகப் பார்த்தால் தெரியாது. கழுத்தில் அச்சுக்கோடோ கைப்பிடியோ உள்ள பாட்டிலில் உடனே தெரியும்.

அடுத்தது உயரம். பாட்டிலின் மொத்த உயரத்துக்கும் லேபிள் உயரத்துக்கும் தொடர்பில்லை. தோள் வளையத் தொடங்கும் இடத்துக்கும் அடிப்பகுதி உள்ளே வளையும் இடத்துக்கும் நடுவே உள்ள நேர்ச்சுவர் மட்டுமே கணக்கு. ஸ்கேலின் ஓரத்தைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்து, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். நேர்ச்சுவரில் ஒளி கசியாது. மேலும் கீழும் எங்கே மெல்லிய ஒளிக்கோடு தொடங்குகிறதோ அங்கே மார்க்கரால் குறியிடுங்கள். எங்கள் பாட்டிலில் இது 92 மி.மீ. வந்தது. கண்ணால் பார்த்து மதிப்பிட்டபோது 96 என்றுதான் தோன்றியது. வளைவு அவ்வளவு மெதுவாகத் தொடங்கியது. மேலும் கீழும் தலா 2.5 மி.மீ. விட்டு, உயரம் 87 என்று முடிவானது. லேபிள் வளைவின் மேல் ஏறினால் அந்த விளிம்பில் சின்னச் சின்ன மடிப்புகள் விழும். ஒரு திசையில் மட்டும் வளையத் தெரிந்த தாளை இரண்டு திசையில் வளைக்க முடியாது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

இனி, பாட்டில் கீழிருந்து மேல் ஒரே அகலமா என்று பார்க்க வேண்டும். எல்லாச் சிக்கலிலும் இதுதான் பொல்லாதது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நேர்ச்சுவரின் மேல்பக்கம் ஒரு பட்டை, அதிலிருந்து 80 மி.மீ. கீழே ஒரு பட்டை என்று இரண்டு இடத்தில் சுற்றளவு எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், லேபிளைச் சுற்றி முடிக்கும்போது இரண்டாவது முனை முதல் முனைக்கு நேராக வராமல், பாட்டிலின் அகலமான பக்கம் நோக்கிச் சரிந்து நிற்கும். எவ்வளவு சரியும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு:

```
சரிவு = சுற்றளவு × வித்தியாசம் ÷ (2 × பட்டைகளுக்கு இடையே உயரம்)
```

எங்களுக்கு மேலே 201.8, கீழே 202.2, வித்தியாசம் 0.4. சரிவு 202 × 0.4 ÷ 160, அதாவது அரை மி.மீ. அது பரவாயில்லை. வித்தியாசம் 1.6 ஆக இருந்திருந்தால் சரிவு 2 மி.மீ.; கரைக்கோடு போட்ட லேபிளில் இது அசிங்கமாகத் தெரியும். விட்டத்தில் பார்த்தால் அது வெறும் அரை மி.மீ. வேறுபாடு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கையால் ஒட்டுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: முனையிலிருந்து தொடங்காமல், லேபிளின் நடுவை முதலில் பாட்டிலில் பதித்து, இரண்டு பக்கமும் சமமாகத் தடவிக்கொண்டு போனால் இரண்டு முனைகளும் சமமாகச் சரியும், இணைப்பில் ஒரே மட்டத்தில் சந்திக்கும். மிகக் கூம்பலான பாட்டிலுக்கு இதுவும் உதவாது. அதற்கு வில்போல் வளைத்து வெட்டிய லேபிள்தான் வேண்டும்.

கூம்பலே இல்லாத பாட்டிலிலும் முனை மேலேயோ கீழேயோ போனால், தொடக்கத்தைப் பாருங்கள். முதல் விளிம்பு செங்குத்தாக நிற்காமல், 87 மி.மீ. உயரத்தில் வெறும் 1 மி.மீ. சாய்ந்திருந்தால், 208 மி.மீ. சுற்றி வந்து சேரும்போது அது 2.4 மி.மீ. ஆகிவிடும். உயரம் குறைந்த லேபிளில் நிலைமை இன்னும் மோசம்: 40 மி.மீ. உயரத்தில் அதே 1 மி.மீ. சாய்வு 5 மி.மீ.க்கு மேல் போகும். குட்டை லேபிளைக் கையால் நேராக ஒட்டுவது கடினம் என்பதற்கு இதுதான் காரணம். பாட்டிலைப் படுக்கவைத்து அடி முட்டும்படி ஒரு தடுப்பு, லேபிளின் கீழ் விளிம்பு முட்டும்படி இன்னொரு தடுப்பு, இப்படி ஒரு மரத்தொட்டில் செய்துகொண்டால் இந்தச் சாய்வு பெருமளவு போய்விடும். சாய்வா கூம்பலா என்று பிரித்தறிவது எளிது. பாட்டிலுக்குப் பாட்டில் வேறு திசையில் போனால் கைச்சாய்வு. எல்லாவற்றிலும் ஒரே பக்கம், ஒரே அளவு சரிந்தால் பெரும்பாலும் கூம்பல். தடுப்பு வைத்து ஒட்டுபவர்கள் தடுப்பே கோணலா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

டைக்குக் கொடுக்கும் முன் 208 × 87 அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, மிகப் பெரிய பாட்டிலிலும் மிகச் சிறிய பாட்டிலிலும் சுற்றிப் பார்க்க வேண்டும். இங்கேயும் ஒரு பொறி உண்டு. அச்சிடும்போது கணினித் திரையில் வரும் பெட்டியில் `Fit` என்று இருந்தால் படம் சுருங்கும். 97 சதவீதமாகச் சுருங்கினாலே 208 என்பது 201.8 ஆகிவிடும், லேபிள் முனைகள் தொட்டும் தொடாமலும் நிற்கும், கணக்கே தப்பு என்று தோன்றும். `Actual size` வைத்து, தாளின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றும் சேர்த்து அச்சிட்டு, முதலில் அந்தக் கோட்டை அளந்துவிடுங்கள்.

அச்சகத்துக்கு எழுதும்போது வெறுமனே "208 × 87" என்று எழுதாதீர்கள். "பாட்டிலைச் சுற்றும் நீளம் 208, நிற்கும் உயரம் 87, இடது முனை அடியில், வலது முனை மேலே" என்று எழுதுங்கள். காகித லேபிள் என்றால் தாளின் நார் உயரத் திசையில் ஓட வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நார் ஓடும் திசையைச் சுற்றித் தாள் எளிதாக வளையும். நார் சுற்றும் திசையில் ஓடினால் தாள் நிமிரவே பார்க்கும், ஓவர்லாப் எவ்வளவு விட்டாலும் முனை தூக்கும். லேபிளிலிருந்து ஒரு சதுரத் துண்டு வெட்டி, இரண்டு திசையிலும் விரலில் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் விறைப்பு என்று கையிலேயே தெரிந்துவிடும்.