அமுக்கினால் மறையும் மெனுவைப் படம் பிடித்த கதை

சித்தப்பாவின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருந்தேன். சங்கக் கணக்கை லிப்ரேஆஃபிஸ் ரைட்டரில் அட்டவணையாக எழுதி வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஃபோனில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம் என்பதால், ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்துப் பத்துப் பக்கத்தில் ஒரு கைப்பிரதி தயாரிக்க உட்கார்ந்தேன். நான்கு பக்கம் வேகமாக ஓடியது. ஐந்தாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

அட்டவணையின் ஒரு கட்டத்தில் வலது கிளிக் செய்தால் வரும் மெனு, அதில் `Insert`, அதற்குள் `Rows Above`. இதைக் காட்ட வேண்டும். மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டு PrtSc கீயை அமுக்கினேன். ஒன்றுமே நடக்கவில்லை. மெனு அப்படியே நிற்கிறது, படம் மட்டும் வரவில்லை. Esc அடித்து மெனுவை மூடிவிட்டு அமுக்கினால் படம் வருகிறது, ஆனால் அதில் மெனு இல்லை. டூல்பார் ஐகான் மேல் மவுஸை வைத்தால் வருகிற சின்னக் குறிப்பு, அதுதான் டூல்டிப், இன்னும் மோசம். கீபோர்டில் எதைத் தொட்டாலும் அது மறைந்துவிடுகிறது.

கீபோர்டு கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். காரணம் வேறு. இந்தக் கணினியில் விண்டோக்களைத் திரையில் காட்டும் அடிப்படை அமைப்பு எக்ஸ்11. அதில் ஒரு நிரல் மெனுவைத் திறந்தால், மெனு மூடும்வரை மவுஸையும் கீபோர்டையும் முழுதாகத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும். வெளியே எங்கே கிளிக் செய்தாலும் மெனு மூட வேண்டும், அம்புக்குறி கீகள் மெனுவுக்குள்ளேயே நகர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்த நேரத்தில் PrtSc அமுக்கினால் அதுவும் மெனுவுக்கே போய்ச் சேரும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் காத்திருக்கும் நிரலுக்குச் சேதியே போகாது.

அப்படியென்றால் படம் எடுக்கும் நொடியில் கீ எதையும் அமுக்காமல் இருப்பதுதான் வழி. கட்டளையை முன்னாலேயே கொடுத்துவிட்டு, அது காத்திருக்கும் இடைவெளியில் மெனுவைத் திறக்க வேண்டும். `scrot` என்ற ஸ்கிரீன்ஷாட் நிரலை நிறுவிக்கொண்டு டெர்மினலில் இதை அடித்தேன்:

```
scrot -c -d 5 menu-%H%M%S.png
```

`-d 5` என்றால் ஐந்து நொடி தாமதம். `-c` போட்டால் 5, 4, 3 என்று டெர்மினலில் எண்ணிக்கை இறங்குவது தெரியும். கோப்பின் பெயரில் மணி, நிமிடம், நொடி சேர்வதால் அடுத்தடுத்து எடுக்கும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்படாது. மெனு எதைப் பிடித்து வைத்திருந்தாலும் கடிகாரத்தைப் பிடிக்க முடியாது. ஐந்தாவது நொடியில் படம் தானாக வந்துவிடுகிறது.

முதல் படத்தில் மெனு பாதிதான் இருந்தது. தவறு என்னுடையது. பின்னணி வேண்டாம் என்று `-u` சேர்த்து, அப்போது வேலையில் இருக்கும் விண்டோவை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தேன். மெனு பார்வைக்கு ரைட்டருக்குள் இருப்பதுபோல் தெரிந்தாலும் உண்மையில் அது தனி விண்டோ. ரைட்டரின் எல்லைக்கு வெளியே வழிந்த பகுதி வெட்டுப்பட்டுவிட்டது. மெனு படத்துக்கு முழுத் திரையையும் எடுத்து, பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்வதே நல்லது என்று அப்போது முடிவு செய்தேன். எண்ணிக்கை ஓடும் டெர்மினலைத் திரையின் ஓரத்தில் சின்னதாக வைத்துவிட்டால் வெட்டும்போது அது தானாகப் போய்விடும்.

அடுத்த தொல்லை உள்மெனு. `Insert` மேல் மவுஸை வைத்து, உள்மெனு திறந்ததும் அதற்குள் குறுக்காக நகர்ந்தால், வழியில் வேறு வரியைத் தொட்டு உள்மெனு மூடிவிடுகிறது. ஐந்து நொடிக்குள் பதற்றத்தில் மூன்று முறை தவறவிட்டேன். அப்புறம்தான் மவுஸை விட்டுவிட்டு கீபோர்டுக்கு மாறினேன். கட்டளை கொடுத்ததும் அட்டவணைக் கட்டத்தில் ஒரு கிளிக், Shift+F10 அமுக்கினால் வலது கிளிக் மெனு, கீழ் அம்பில் இறங்கி `Insert`, வலது அம்பில் உள்மெனு. கீகள் மெனுவுக்குத்தான் போகின்றன என்பது இப்போது எனக்குச் சாதகம். தாமதத்தை 8 ஆக்கிக்கொண்டேன், நிதானமாக வேலை முடிந்தது.

இதோடு நிறுத்தியிருப்பேன். தங்கச்சி தன் அலுவலகத்தில் உள்ளவர்களுக்கும் இதேபோல் ஒன்று வேண்டும் என்றாள். அவளிடம் இருப்பது விண்டோஸ் 11. ஒரு கோப்பின் மேல் மவுஸை வைத்தால் அதன் வகை, அளவு, தேதி காட்டும் டூல்டிப் வருமே, அதைக் காட்ட வேண்டும். Win+Shift+S அமுக்கப் போனால், கீயைத் தொட்டதுமே டூல்டிப் போய்விட்டது. ஸ்னிப்பிங் டூலில் 3, 5, 10 நொடி தாமதங்கள் உண்டு. சரி, அவகாசம் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று 10ஐத் தேர்ந்தெடுத்து, மவுஸை உடனே கோப்பின் மேல் வைத்துவிட்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். படத்தில் டூல்டிப் இல்லை. மறுபடி எடுத்தேன், மறுபடியும் இல்லை.

மெனு நாம் மூடும்வரை காத்திருக்கும். டூல்டிப் காத்திருக்காது. விண்டோஸின் வழக்கமான டூல்டிப்புக்கு இயல்பாக அமைந்த கணக்கு இதுதான்: மவுஸ் நின்று அரை நொடி கழித்து வரும், ஐந்து நொடி நிற்கும், போய்விடும். டபுள் கிளிக்குக்கான நேரத்தை வைத்து இந்த அளவுகள் அமைகின்றன. அந்த நேரம் 500 மில்லிநொடி, டூல்டிப் நிற்பது அதைப்போல் பத்து மடங்கு. நான் முதல் நொடியிலேயே மவுஸை வைத்ததால், பத்தாவது நொடி வருவதற்கு வெகு முன்னாலேயே அது மறைந்துவிட்டது. மவுஸ் அங்கேயே நின்றால் திரும்ப வராது. வெளியே எடுத்து மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும்.

தாமதத்தை 3 ஆக்கினேன். நேரம் ஓடத் தொடங்கியதும் மவுஸைக் கொண்டுபோய் வைத்தேன். மூன்றாவது நொடியில் திரை லேசாக மங்கி உறைந்து நின்றது, டூல்டிப் அதற்குள் அகப்பட்டிருந்தது. அதன்பின் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டும் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம், இனி அது மறையாது. எனக்குப் படிந்த கணக்கு இப்போது இப்படி: டூல்டிப்புக்கு 3, சாதாரண மெனுவுக்கு 5, உள்மெனு இருந்தால் அதற்கு மேல்.

ஒரு எச்சரிக்கை. `scrot` எக்ஸ்11க்கானது. எக்ஸ்11க்குப் பதிலாக வேலேண்ட் என்ற புதிய அமைப்பில் இயங்கும் டெஸ்க்டாப் என்றால் அதனோடு வரும் ஸ்கிரீன்ஷாட் நிரலில்தான் தாமத வசதியைத் தேட வேண்டும்.

கைப்பிரதியை அச்செடுத்து அனுப்பினேன். மறுநாள் சித்தப்பாவின் ஃபோன். "தம்பி, லிஸ்ட் எல்லாம் நல்லாத் தெரியுது. ஆனா எதை அமுக்கணும்னு காட்டுற அம்புக்குறியைக் காணமே?"

உண்மைதான். `scrot` மவுஸ் குறியைத் தானாகச் சேர்க்காது. கீபோர்டில் மெனு திறந்தபோது மவுஸ் வேறு எங்கோ கிடந்ததால் நானும் அதைக் கவனிக்கவில்லை. மெனுவைக் கீபோர்டில் திறந்து, கடைசியில் மவுஸை மட்டும் `Rows Above` மேல் கொண்டுபோய் வைத்து, இப்படி மறுபடி எடுத்தேன்:

```
scrot -p -c -d 10 menu-%H%M%S.png
```

ஐந்தாம் பக்கத்தை மட்டும் புதிதாக அச்செடுத்து நேற்று அனுப்பியிருக்கிறேன்.