படுகளத்து ராத்திரியும் உடுக்கடிப் பாட்டும்

அண்ணன்மார் சாமி கோயிலுக்குப் பகலில் போனால் கும்பிட்டுவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம். பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை அருக்காணித் தங்காள், கூடவே நின்ற சாம்புவன், காவலுக்குக் கருப்பண்ணசாமி, வெளியே மண் குதிரைகள். சாமி யாரென்று தெரிய வேண்டுமானால் அண்ணன்மார் போரில் விழுந்து கிடந்ததை நடத்திக் காட்டும் படுகளத்து ராத்திரியில் போய், முதல் உடுக்கைச் சத்தத்திலிருந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். மணப்பாறைக்குப் பக்கத்து வீரப்பூரில் பெரியகாண்டியம்மனுக்கு மாசியில் எடுக்கும் திருவிழா பெயர் பெற்றது. காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஊர்க்கோயில்களில் கூட்டம் குறைவு, பாட்டு காதில் தெளிவாக விழும். கேட்பதற்காகவே போகிறவர்களுக்கு ஊர்க்கோயில்தான் சரி.

கதை நீளமானது. அண்ணன்மாரின் அப்பா குன்னுடையாக் கவுண்டர் அநாதையாக அலைவதில் தொடங்கி, அம்மா தாமரை நாச்சியார் தவமிருந்து பிள்ளை பெறுவது, வேட்டுவர் தலைவன் தலையூர்க் காளியோடு பகை என்று தலைமுறை தாண்டிப் போகும். 1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை முழுதாகப் பாடி ஒலிப்பதிவு செய்தபோது 18 இரவுகள் ஆயின. இப்போது பல ஊர்களில் மூன்று ராத்திரி, சில இடங்களில் ஒரே ராத்திரி. எத்தனை நாளாகச் சுருக்கினாலும் பன்றி வேட்டையும் படுகளமும் மட்டும் சுருங்காது. அந்தக் கடைசி ராத்திரியைப் பாடகர் எப்படிக் கொண்டுபோகிறார் என்று கவனித்தால் மற்ற ராத்திரிகளும் புரிந்துவிடும்.

பாடுகிறவர் இரண்டு பேர் இருந்தால் போதும். முன்பாட்டுக்காரர் கையில் உடுக்கை, பின்பாட்டுக்காரர் கையில் தாளம். முன்பாட்டுக்காரர் ஒரு அடியைப் பாடி முடிக்கும் முன்பே பின்பாட்டுக்காரர் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுப்பார். அந்த இழுப்புக்குள்தான் முன்னவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். ஏழு மணி நேரம் தொண்டை தாங்குவதற்கு முதல் காரணம் இதுதான். சுக்குக் காப்பியும் பனங்கற்கண்டும் அப்புறம்தான். நாலைந்து அடி பாட்டு, பிறகு அதையே விரித்துச் சொல்லும் வசனம். வசனத்தில் பின்பாட்டுக்காரர் கேட்கிறவர்களுக்காக வாய் திறப்பார். "ஆமாங்க", "அப்பறம் என்னாச்சுங்க?", "பொறந்தவ சொல்லைக் கேக்கலீங்களா?" என்று சரியான இடத்தில் அவர் கேட்டால், உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் கேட்டது போல ஆகிவிடும். ஆமாம் போடுகிறவர் தூங்கி வழிந்தால் கூட்டமும் கூடவே சாயும்.

இரவு 9 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 4 மணிக்குப் படுகளம் விழும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் கால் மணி நேரம் காப்பு: பிள்ளையார், சரசுவதி, குரு, ஊர்த் தெய்வங்கள். எந்தச் சாமியையும் விட்டுவிடக் கூடாது என்பதால் பாடகர் பொழுதோடவே பூசாரியிடம் பெயர்களைக் கேட்டு வைத்துக்கொள்வார். பிறகு முன்கதை, வேட்டுவர் பக்கத்துப் பகை, கொம்பன் என்ற பெரும்பன்றி வயலை அழிப்பது. இதெல்லாம் நடுத்தர வேகம். பெண்களும் குழந்தைகளும் முழித்திருக்கும் நேரம் என்பதால் வசனம் அதிகம்.

சோதனை 12 மணிக்கு மேல் வரும். பனி இறங்கும், போர்வைகள் தலைக்கு மேல் ஏறும். அனுபவமுள்ளவர் பொன்னாச்சியை இந்த நேரத்துக்கென்று வைத்திருப்பார். பொன்னாச்சி ஒரு குட்டி நாய். வேட்டைக்குக் கூப்பிடாமல் விட்டதில் அதற்குக் கோபம். பெரிய வீரர்கள் போயும் கொம்பனை மடக்க முடியவில்லை. கடைசியில் அந்த நாயைத் தேடிப் போய்க் கெஞ்ச வேண்டியதாகிறது. பாடகர் இங்கே பாட்டை நிறுத்திவிட்டு முழுக்க வசனத்துக்கு வந்துவிடுவார். நாய்க்கு மெல்லிய சிணுங்கல் குரல், கெஞ்சுகிற சங்கருக்குக் கட்டைக் குரல். மூன்று முறை கூப்பிடுவார், இரண்டு முறை நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டாவது மறுப்புக்குப் பிறகு உடுக்கையும் பேச்சும் இல்லாமல் பத்து விநாடி சும்மா இருப்பார். போர்வைகள் விலகுவது அந்த மௌனத்தில்தான். நாய் பின்னால் போய்ப் பன்றியின் விதையைக் கடிக்கும் இடத்தில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே உடுக்கை வேகமெடுத்து வேட்டைக்குள் போய்விட வேண்டும். அடங்க விட்டால் தூக்கம் திரும்பி வந்துவிடும்.

பனி கெடுக்கும் இன்னொன்று உடுக்கையின் தோல். ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து, கணீரென்று கேட்க வேண்டியது தொப்தொப்பென்று கேட்கும். பாடகர் இடது கையால் உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போய்த் தாளம் தானாகவே மெதுவாகும். கேட்கிறவர்களுக்குப் பாடகர் களைத்துவிட்டார் என்று தோன்றும், களைத்தது தோல்தான். ஓரமாகக் கொஞ்சம் தணல் வைத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துச் சத்தம் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். நெருங்கிக் காட்டினால் தோல் அளவுக்கு மேல் இறுகிக் கிழியும். அதனால் இரண்டு உடுக்கை இருக்க வேண்டும்: ஒன்று கையில், ஒன்று தணலோரம். மைக் வைப்பவர்கள் செய்யும் தவறும் உண்டு. ஒரே மைக்கை உடுக்கைக்கு நேராக வைத்தால் அடியின் அதிர்வில் வசனம் மூழ்கிவிடும். வாய்க்கு நேராக வைத்து, உடுக்கையை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தாலே பாதி சரியாகும்.

2 மணிக்கு மேல் போர். மாயவராகிய பெருமாள் விட்ட மலர் அம்பு பட்டதும் தன் காலம் முடிந்ததென்று சங்கர் தெரிந்துகொண்டு, தன் வாள்மேல் தானே விழுகிறார். தொடர்ந்து பொன்னர். அடுக்கடுக்காக வேகம் ஏறும் இந்த இடத்தில் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அருள் வரும், விழுந்தவர்களை வரிசையாகப் படுக்க வைத்து வெள்ளைத் துணி போர்த்துவார்கள். பாடகரின் கண் முழுக்க அந்த வரிசையில் இருக்கும். ஒருவர் அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டு, தொடை நடுங்கி, தலை ஆடத் தொடங்கினால் அருள் நெருங்குகிறது என்று அர்த்தம். கதையில் அண்ணன்மார் இன்னும் விழாதிருக்கும்போது அது வந்தால் பாடகர் அடியைத் தளர்த்தி வசனத்துக்கு இறங்கிவிடுவார். இறங்கத் தெரியாதவர் பாடினால் போருக்கு நடுவிலேயே ஆட்கள் விழுவார்கள், பூசாரி தயாராக இருக்க மாட்டார், கதையும் களமும் பிரிந்துபோகும். கூட்டம் கலைகிறதே என்று பயந்து ஓட்டிப் பாடுவதும் கெடுதல்தான். இரண்டரைக்கே படுகளம் விழுந்துவிட்டால் மீதி நேரத்தைப் புலம்பலால் நிரப்ப வேண்டும். புலம்பல் மேல் குரலில் பாடுவது. ஒன்றரை மணி நேரத்துக்கு எந்தத் தொண்டையும் தாங்காது.

தங்காள் அண்ணன்மாரைத் தேடி வருவது இருபது நிமிடம் போதும். இதற்கு உடுக்கை அநேகமாக வேண்டியதில்லை. விரல் நுனியால் ஒரு தட்டு, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. ஒவ்வொரு உடலையும் புரட்டிப் புரட்டி "இது எங்கண்ணனா?" என்று கேட்கும் பாட்டில் பின்பாட்டுக்காரர் பதில் சொல்வதில்லை. ராத்திரி முழுக்க ஆமாம் போட்ட குரல் அந்த இடத்தில் இல்லாமல் போவதுதான் கேட்கிறவர் நெஞ்சை அடைக்கிறது.

போகிறவர்கள் முன்வரிசையை விட்டுவிட்டு, பாடகரின் முகம் தெரியும்படி பக்கவாட்டில் உட்காருவது நல்லது. போர்வை கட்டாயம். படுத்திருப்பவர்கள் முகத்துக்கு நேராகச் செல்போன் வெளிச்சம் அடிக்கக் கூடாது. விழுந்தவர்களை எழுப்பும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்று பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. அவசர வேலை இருப்பவர்கள் 2 மணிக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும்.

பெரியகாண்டியம்மன் கொடுத்த தீர்த்தத்தைத் தங்காள் தெளிக்கும் அடி வந்ததும் உடுக்கை மறுபடி முழங்கும், பூசாரி தண்ணீரோடு வரிசையில் நடப்பார், துணிகள் ஒவ்வொன்றாக விலகும். கதையில் அண்ணன்மார் எழுந்து தங்கையோடு கொஞ்ச நேரம்தான் பேசுகிறார்கள், பிறகு மறுபடியும் போய்விடுகிறார்கள். அந்தப் பேச்சைப் பாடகர் பாட்டில்லாமல், மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி, வீட்டில் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் சொல்வார். பின்வரிசைக்கு அது கேட்காது. அவர்களும் எழுந்து முன்னால் வந்து நிற்பார்கள்.