டொனமூர் 1837 ஆன கதை

உயர்தர அரசியல் விஞ்ஞானம் படிக்கும் தங்கைக்காக, இலங்கையின் அரசியலமைப்புச் சீர்திருத்தங்கள் பற்றி அவளது சிநேகிதி எழுதிய கொப்பியை, சாதாரண எழுத்துக் கோப்பிலேயே சிறு குறிகளால் வடிவமைக்கும் மார்க்டவுன் குறிப்புகளாக்க உட்கார்ந்தேன். நல்லூரிலிருந்து அந்தப் பிள்ளை அனுப்பிய படங்களில் பென்சில் எழுத்து பாதி கரைந்திருந்தது; சாதாரணப் படமாக அனுப்பினால் செயலி சுருக்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லி மறுபடியும் வாங்கினோம். படத்தை எழுத்துணரியில் போட்டு எடுப்பது பெரிய வேலையில்லை. அதன் பிறகுதான் வினையே.

கையெழுத்தில் ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் வேற்றுமை மிகக் குறைவு. ‘சோல்பரி’ எனக்கு ‘சேரல்பரி’ என்று வந்தது. தேடினால் அகப்படாது. ‘ர்’ வரவேண்டிய இடங்களில் துணைக்காலின் மேல் புள்ளி நின்றது. இந்த இரண்டாவது பிழையை மொத்தமாகவே மாற்றலாம், ஏனெனில் துணைக்கால்மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது. முதலாவதை அப்படி மாற்றினால் ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும். படத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக வாசிப்பதைத் தவிர வழியில்லை.

எழுத்தெல்லாம் திருத்திய பிறகு தங்கை கேட்டாள்: “அண்ணா, டொனமூர் அரசியலமைப்பு 1837 இலா வந்தது?”

கோப்பைத் திறந்தால் எல்லாம் சரி:

```
1833. கோல்புறூக்
1910. குறூ-மக்கலம்
1920. மனிங்
1924. மனிங்-டெவன்ஷயர்
1931. டொனமூர்
1947. சோல்பரி
```

முன்னோட்டத்திலோ 1833, 1834, 1835 என்று வரிசையாக ஏறி, சோல்பரி 1838 இல் நின்றது. வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் வந்தால் மார்க்டவுன் அதை எண்ணிட்ட பட்டியல் என்று எடுத்துக்கொள்கிறது. முதல் எண்ணை மட்டும் மதிக்கும். மற்றவற்றைத் தானே எண்ணிக்கொள்ளும். ஆண்டு எழுதிப் புள்ளி வைக்கும் பழக்கம் எங்கள் கொப்பிகளில் எவ்வளவு பரவலானது என்பது உங்களுக்கே தெரியும். பரீட்சைக்கு முதல்நாள் இதை நம்பி மனனம் செய்திருந்தால் என்ன கதி!

புள்ளிக்கு முன் பின்சாய்கோடு போட்டால் அது வெறும் புள்ளியாகிவிடும். ஆனால் அதோடு விட்டால் எல்லா வரிகளும் ஒரே பந்தியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே முன்னால் கோடும் வேண்டும்:

```
- 1931\. டொனமூர்
- 1947\. சோல்பரி
```

திருத்தியதும் தங்கை ஒவ்வோர் ஆண்டாகக் கொப்பியுடன் ஒப்பிட்டுப் பார்த்து, அரை மனதுடன் தலையாட்டினாள்.

சந்தேகம் வந்தால் பார்க்கட்டும் என்று ஒவ்வொரு தலைப்பின் கீழும் மூலப் படத்தையும் இணைத்துவிட்டேன். படத்தின் பெயரில் இடைவெளி இருக்கக்கூடாது. `![](page 7.jpg)` என்றால் படம் வராது, `![](page7.jpg)` என்றால் வரும்.